மூன்று நீலப் பீங்கான்கள்

சோறு போட்டுச் சாப்பிடுகிற தட்டை நாம் பீங்கான் என்கிறோம். அது அலுமினியமாக இருந்தாலும் பிளாஸ்டிக்காக இருந்தாலும் நமக்குப் பீங்கான்தான். தமிழ்நாட்டில் அப்படியில்லை. அங்கே தட்டு வேறு, பீங்கான் என்ற பொருள் வேறு. சிங்களத்தில் தட்டுக்குப் பிங்கான என்பார்கள். மலாய் மொழியிலும் பிங்கான்தான். பாரசீகத்தில் அதே சொல்லுக்குக் கிண்ணம் என்று அர்த்தம். அரபுக்காரர்கள் கஹ்வா குடிக்கும் சின்னக் கோப்பையைப் பின்ஜான் என்பதும் இதே சொல்லிலிருந்து வந்ததுதான். குசினிச் சாமான் ஒன்றின் பெயர் கடலைச் சுற்றி இத்தனை மொழிகளில் கிடக்கிறதென்றால், அந்தச் சாமானும் அந்தக் கரைகளையெல்லாம் சுற்றித்தான் வந்திருக்க வேண்டும்.

இதை எழுதத் தூண்டியது எங்கள் வீட்டு விஷயம் ஒன்று. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ராத்தாவின் வீட்டுக் கூரை போன மழையோடு ஒழுக ஆரம்பித்துவிட்டது. ஓடு மாற்றக் காசு வேண்டும். உம்மும்மாவின் அலுமாரியில் காலங்காலமாக இருக்கிற மூன்று நீலப் பீங்கான்களின் மேல் எல்லோருடைய கண்ணும் போனது. இரண்டு பெரிய தட்டுகள், பாலமும் மரமும் பறவைகளும் உள்ள படத்தோடு மிக அழகானவை. மூன்றாவது ஒரு சின்னக் கிண்ணம், சொரசொரப்பானது. அதில் உம்மும்மா அரிசி அளப்பார்.

ராத்தாவின் மகன் போனைக் காட்டினான். "சாச்சி, இது சீனாட சாமான். இந்த மாதிரி ஒண்டு வெளிநாட்டுல லச்சக்கணக்குல போயிருக்கு. ரெண்டு பெரியதயும் வித்தா கூரையே போட்டிரலாம்." ராத்தா என்னைப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்ததைச் சொல்லுமுன், எதைத் தேடிப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

சீனத்துப் பீங்கானின் இரகசியம் மண்ணில் இருக்கிறது. அதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று வெண்களி. எவ்வளவு சூட்டிலும் வடிவம் குலையாமல் நிற்கும் வெள்ளை மண் அது. மற்றது பெல்ட்ஸ்பார் போன்ற, சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் கல். இரண்டையும் அரைத்துச் சேர்த்து 1,300 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால், கல் உருகி மண்ணின் நுண்துளைகளையெல்லாம் அடைத்துவிடும். அதனால்தான் பீங்கான் தண்ணீர் குடிக்காது, தட்டினால் மணிபோல ஒலிக்கும், மெல்லியதாக இருந்தால் வெளிச்சமும் ஊடுருவும்.

இது நமக்கு அன்னியமான விஷயமல்ல. நம் நாட்டில் வெண்களி போறலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் கிடைக்கிறது. பெல்ட்ஸ்பார் மாத்தளை மாவட்டத்து ஓவலயில் வெட்டப்படுகிறது. மாத்தளையில் ஜப்பானின் நொரிடாக்கே பெயரில் பீங்கான் தொழிற்சாலை இருப்பதும், அங்கே செய்யும் தட்டுகள் வெளிநாட்டு மேசைகளுக்குப் போவதும் கண்டிக்காரர்களுக்குத் தெரியும்.

மேலே பளபளப்பது மெருகு, ஆங்கிலத்தில் கிளேஸ் என்பது. அது பெயின்ட் அல்ல, கண்ணாடி. மணலில் உள்ள சிலிக்கா தனியே உருக 1,700 பாகைக்கு மேல் வேண்டும். அதோடு ஈயமோ, சாம்பலோ, சுண்ணாம்போ சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். அந்தத் தூளைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரத்தை அதில் தோய்த்துச் சுட்டால், மேலே ஒரு கண்ணாடித் தோல் பிடிக்கும். ஆனால் சூளை ஆறும்போது மண்ணும் சுருங்கும், கண்ணாடியும் சுருங்கும். கண்ணாடி அதிகமாகச் சுருங்கினால், அளவு பத்தாத சட்டை போல இழுபட்டு, மேலெல்லாம் மயிரிழை வெடிப்பு விடும். பழைய தட்டுகளில் சிலந்தி வலை மாதிரித் தெரிவது அதுதான். மண்ணும் மெருகும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்தான் குயவனின் பாதி வேலை இருக்கிறது.

இந்தப் பாத்திரம் முதன்முதலில் ஆட்டிவைத்த தூரத்து அரண்மனைகளில் ஒன்று பக்தாத். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாரசீக வரலாற்றாசிரியர் பைஹக்கி ஒரு செய்தி எழுதியிருக்கிறார். குராசானின் ஆளுநர் அலி இப்னு ஈஸா, கலீபா ஹாரூன் அல்-ரஷீதுக்கு 20 சீன அரச பீங்கான்களை அன்பளிப்பாக அனுப்பினாராம். அதுபோன்றதை அதற்குமுன் எந்தக் கலீபாவின் அரண்மனையும் கண்டதில்லையாம். அவற்றோடு வேறு 2,000 பீங்கான்களும் போயின. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் குறைவில்லாத ஒரு சபை, மண்ணில் செய்த வெள்ளைக் கிண்ணத்தைப் பார்த்து வியந்து நின்றது.

பெரிய வீடுகள் ஆசைப்பட்டால், மற்றவர்களும் ஆசைப்படுவார்கள். பஸ்ராவின் குயவர்களுக்கு வேலை வந்தது. ஆனால் அவர்களிடம் வெண்களி இல்லை. அவர்களின் மண் மஞ்சள் கலந்தது, சுண்ணாம்பு அதிகம். அதை 1,300 பாகைக்குக் கொண்டுபோனால் பாத்திரம் சூளைக்குள்ளேயே இளகிச் சரிந்துவிடும். எனவே மண்ணை மாற்ற முடியாத அவர்கள், மெருகை மாற்றினார்கள். ஈயம் சேர்ந்த மெருகில் வெள்ளீயத்தைச் சுட்டுப் பொடியாக்கிக் கலந்தார்கள். வெள்ளீயப் பொடியின் பெரும்பகுதி கண்ணாடியில் கரையாது. நுண்ணிய துகள்களாக மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கும். தண்ணீரில் பால் ஊற்றியதுபோல மெருகு வெண்மையாகிவிடும். கீழே மஞ்சள் மண், மேலே வெள்ளைப் போர்வை. பார்வைக்குச் சீனக் கிண்ணம்.

அத்தோடு நின்றிருந்தால் அது வெறும் போலி. ஆனால் அந்த வெள்ளையின் மேல் அவர்கள் கோபால்ட் என்ற கனிமத்தால் நீலக் கோடுகளும் எழுத்துகளும் எழுதத் தொடங்கினார்கள். அவர்கள் பார்த்துச் செய்த சீன வெள்ளைக் கிண்ணத்தில் அந்த நீலம் இருக்கவில்லை. 9ஆம் நூற்றாண்டில் அப்பாஸியரின் தலைநகராக இருந்த சாமர்ராவைத் தோண்டியபோது, சீனத்திலிருந்து வந்த வெள்ளைத் துண்டுகளும் உள்நாட்டுக் குயவரின் பாத்திரத் துண்டுகளும் ஒரே மண்ணில் கிடைத்தன.

சீனத்துக்கும் பஸ்ராவுக்கும் இடையில் கப்பல் தங்கிப் போகும் இடம் நம் நாடு. மன்னாரில் திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் மாந்தை இருக்கிறது. பழைய நூல்கள் மகாதித்த என்று சொல்லும் துறைமுகம். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளரும் நம் தொல்லியல் திணைக்களத்தாரும் அங்கே தோண்டினார்கள். தாங் காலத்துச் சீனப் பாத்திரத் துண்டுகளும், பாரசீக வளைகுடாப் பக்கத்து மெருகிட்ட துண்டுகளும் அங்கே கிடைத்தன. கிழக்கிலிருந்து வந்ததும் மேற்கிலிருந்து வந்ததும் நம் கரையில் ஒரே குழிக்குள் உடைந்து கிடந்திருக்கின்றன.

அந்தக் காலத்துச் சரக்கு எவ்வளவு பெரியது என்பதை 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுத்த ஒரு கப்பல் காட்டியது. பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த, அரபு முறைக் கப்பல் அது. உள்ளே ஏறத்தாழ 60,000 சீனப் பாத்திரங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826ஐக் குறிக்கும் ஆண்டு எழுதியிருந்தது. அத்தனைக்கும் நடுவே மூன்றே மூன்று தட்டுகள், வெள்ளையில் கோபால்ட் நீலக் கோடு வரைந்தவை. மேற்கில் என்ன பிடிக்கும் என்று தெரிந்து சீனக் குயவர் வரைந்து பார்த்தவை போலிருக்கின்றன. ருசி இரண்டு பக்கமும் போய்வந்தது.

அந்த நீலம் முழுதாக மலர இன்னும் 500 வருடம் ஆனது. 14ஆம் நூற்றாண்டில் சீனாவையும் பாரசீகத்தையும் மொங்கோலிய அரச வம்சங்கள் ஆண்டன. வழி திறந்திருந்தது. பாரசீகத்தில் காஷான் நகருக்குப் பக்கத்தில் கம்ஸர் என்ற ஊரின் மலையில் கோபால்ட் கிடைக்கும். காஷானின் குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் என்பவர் 1301இல் தம் குடும்பத் தொழிலைப் பற்றி எழுதிவைத்ததில் அந்தக் கல்லையும் சொல்கிறார். மேற்கிலிருந்து போன கோபால்ட் சீனாவின் ஜிங்டெசென் சூளைகளை அடைந்தது. பச்சைப் பாத்திரத்தில் நீலத்தால் வரைந்து, மேலே மெருகு பூசி, ஒரே தடவையில் 1,300 பாகைக்குச் சுட்டார்கள். அந்தச் சூட்டில் பெரும்பாலான நிறங்கள் எரிந்து போய்விடும். கோபால்ட் நிலைத்து நிற்கும். வெளியிலிருந்து வந்த அந்தக் கோபால்டில் இரும்பு அதிகம். அதனால் மை தடித்து விழுந்த இடங்களில் கறுத்த புள்ளிகள் தெரியும். அந்தக் காலத்துச் சாமானை அடையாளம் காண ஆய்வாளர்கள் இதையும் பார்ப்பார்கள்.

அந்தச் சூளைகளில் 40 சென்ரிமீற்றருக்கும் மேல் அகலமான பெரிய தட்டுகள் செய்யப்பட்டன. சீனர் சாப்பிடுவது சின்னக் கிண்ணத்தில். அவர்களுக்கு இவ்வளவு பெரிய தட்டு எதற்கு? ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் மேற்கத்திய முஸ்லிம் நாடுகளுக்காகத்தான். சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. சீனப் பீங்கானின் அளவையே மாற்றியது நம்மைப் போல உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் பழக்கம்.

அரண்மனைகள் அவற்றைச் சாப்பிட மட்டும் வாங்கவில்லை. பாரசீகத்தின் ஷா அப்பாஸ் 1611இல் அர்தபீல் நகரத்துத் தர்காவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களைக் கொடுத்தார். அவற்றை வைப்பதற்காகவே சுவரெல்லாம் மாடங்கள் வைத்து ஒரு மண்டபம் அமைந்தது. இஸ்தான்புல்லில் உஸ்மானியரின் தோப்காப்பி அரண்மனையில் பத்தாயிரத்துக்கு மேல் இன்றும் இருக்கின்றன.

ஐரோப்பாவின் முறையும் வந்தது. ஒல்லாந்தர் 1603இல் ஜொகூருக்கு அருகே சந்த கத்தரினா என்ற போர்த்துக்கேயக் கப்பலைப் பிடித்தார்கள். அதிலிருந்த பீங்கான்கள் அம்ஸ்டர்டாமில் ஏலம் போனபோது, வாங்கியவர்களில் பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றியும் ஒருவர். பிறகு 1644இல் சீனாவில் மிங் அரசு விழுந்து, சரக்கு வருவது குறைந்தது. ஆசை குறையவில்லை. ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக் குயவர் அந்த இடைவெளியை நிரப்பினார்கள். அவர்களிடமும் வெண்களி இல்லை. அவர்கள் செய்தது என்ன தெரியுமா? மஞ்சள் மண்ணின் மேல் வெள்ளீய மெருகு, அதன்மேல் கோபால்ட் நீலம். பஸ்ராவின் அதே வழி. ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போய், 800 வருடம் கழித்து ஒல்லாந்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

உண்மையான பீங்கானின் இரகசியத்தை ஐரோப்பா கண்டுபிடித்தது சக்ஸனியின் ஆட்சியாளர் அகஸ்டஸின் ஆட்சியில். பொட்கர் என்ற இளைஞரும் சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரும் 1708இல் அதை எட்டினார்கள். 1710இல் மைசன் நகரில் தொழிற்சாலை வந்தது. அதற்குப் பிறகும் அகஸ்டஸின் ஆசை தணியவில்லை. 1717இல் பிரஷ்ய மன்னருக்குத் தம் 600 குதிரை வீரர்களைக் கொடுத்துவிட்டு 151 சீனப் பீங்கான்களை வாங்கிக்கொண்டார். இந்தக் கணக்கைத் தரம் பத்துப் பிள்ளைகளிடம் சொன்னபோது, பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், அந்த ஆக்கள்ட்ட யாராவது கேட்டாங்களா?" நான் பதில் சொல்லவில்லை. வகுப்பே கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

இனி அலுமாரிக்கு வருவோம்.

பெரிய தட்டு இரண்டையும் முதலில் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் மங்கலாக ஒரு முத்திரை. ஒல்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்துப் பெயர். ஏற்றுமதிச் சாமானில் நாட்டின் பெயரையும் போடுவது 1890களுக்குப் பின் பரவிய வழக்கம். அதில் ஹாலந்து என்ற சொல்லும் இருந்தது. அதுவே போதும், ஆனாலும் மற்றதையும் பார்த்தேன். விளிம்பில் ஒரு சில்லு உடைந்த இடத்தில், மெருகு தனித் தோலாகவும் உள்ளே மண் தனியாகவும் தெரிந்தது. அந்த மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். உறிஞ்சிக்கொண்டது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். கையின் நிழல் தெரியவில்லை. கரைப் பூவேலையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினால் ஓரிடத்தில் கோடு கோட்டோடு சேராமல் விலகி நிற்கிறது. கையால் வரைந்ததல்ல. செப்புத் தகட்டிலிருந்து காகிதத்தில் எடுத்த அச்சை ஒட்டியது. காகிதத்தின் இரண்டு முனையும் சந்தித்த இடம் அது. பாலமும் மரமும் பறவையும் சீனப் படம்போலத் தெரிந்தாலும், அந்தக் காட்சி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவாகிய கற்பனை.

பிறகு அந்த அரிசிக் கிண்ணம். முத்திரை ஒன்றும் இல்லை. உடைந்த விளிம்பில் மெருகும் மண்ணும் பிரித்தறிய முடியாமல் கண்ணாடிபோல ஒன்றாக இருந்தன. அடி வளையத்தில் வைத்த தண்ணீர் அப்படியே நின்றது. சுண்டினால் கணீரென்றது. நீலம் வேகவேகமாகக் கையால் இழுத்தது, ஒரு பூவும் மற்றப் பூ மாதிரி இல்லை. உள்ளே நடுவில் மெருகில்லாத ஒரு வட்டம். உம்மும்மா அதைத் தேய்ந்துபோன இடம் என்பார். தேய்ந்ததல்ல. சூளையில் கிண்ணத்தின் மேல் கிண்ணமாக அடுக்கும்போது மெருகு உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் இருக்க, அந்த வட்டத்தை மட்டும் துடைத்துவிடுவார்கள். தென்சீனத்துச் சூளைகளில் சாதாரண மக்களுக்காக ஆயிரக்கணக்கில் செய்து கடலில் அனுப்பிய கிண்ணங்களின் அடையாளம் அது. தவளமாட்டில் மூட்டை ஏற்றி மலைநாட்டுக்கு வந்து போன நம் முன்னோர் காலத்திலோ, பிறகு ஒரு கண்டிக் கடையிலோ அது எங்கள் குடும்பத்தின் கைக்கு வந்திருக்கும்.

ராத்தாவிடம் சொன்னேன். அழகான இரண்டும் ஒல்லாந்து. அரிசி அளந்ததுதான் சீனம். ஆனால் மூன்றுமே எண்ணிக்கையில் நிறையச் செய்த சாமான்கள், கூரைக்குக் காசாகாது. மகனின் முகம் விழுந்துவிட்டது. ராத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப சீட்டுக் காசத்தான் எடுக்கணும்" என்றாள். அவளுடைய அந்தச் சீட்டு எதற்காகச் சேர்த்தது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னேன், இது உங்களுக்கும் சேர்த்துத்தான். அந்த இரண்டு தட்டிலும் மயிரிழை வெடிப்பு நிறைய இருக்கிறது. அந்தக் காலத்து மட்பாண்ட மெருகில் ஈயம் இருப்பது சாதாரணம். காய்ந்த பண்டத்தை வைத்து எடுப்பது வேறு. வினாகிரி, எலுமிச்சை, புளி போன்ற அமிலம் பட்டால் ஈயம் உணவில் இறங்கும். நேரம் கூடக்கூட இன்னும் இறங்கும். வெடிப்புக்குள் ஊறிய எண்ணெயும் கழுவினால் போகாது. ஈயம் இருக்கிறதா இல்லையா என்பது கண்ணால் தெரியாது, ஆய்வுகூடத்தில்தான் தெரியும். பெருநாளைக்கு அச்சாறு போட்டு வைப்பது ராத்தா வீட்டில் இந்தத் தட்டில்தான். இனி வேண்டாம் என்றேன். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. தட்டு இரண்டும் சுவரில் மாட்டியாகிவிட்டது. அச்சாறு கண்ணாடிப் போத்தலுக்குப் போனது. கிண்ணத்தை மகன் கேட்டு வாங்கித் தன் மேசையில் வைத்திருக்கிறான்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் இப்படியான பீங்கான்கள் இன்னும் இருக்கும். பழைய சாமான் வாங்க வருகிறவர் சொல்லும் விலைக்கு "சரி" சொல்வதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள். அடி முத்திரையையும், உடைந்த விளிம்பையும், உள்ளே மெருகில்லாத வட்டம் இருந்தால் அதையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக் கீழே போடுங்கள். யாருடைய உம்மும்மா அதில் என்ன வைத்தார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். அச்சாறு மட்டும் அதில் வேண்டாம்.